படத்தில் விட்டுப்போன உறுப்பு

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 34. கல்யாணமாகி 11 வருடம் ஆகிறது. பத்து வயதில் ஒரு பெண், ஆறு வயதில் ஒரு பையன். இரண்டாவது பிரசவம் சிசேரியன். அப்போதே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துவிட்டார்கள். கணவர் நல்லவர், ஒரு சொல் கடிந்து பேசமாட்டார். ஆனால் தாம்பத்தியத்தில் எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை. முதலிலிருந்தே அப்படித்தான். அவர் மனம் நோகக் கூடாதென்று, நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுவேன். சில மாதங்களாக அந்த நேரத்தில் எரிச்சலும் இருக்கிறது. ஆபரேஷனில் ஏதாவது நரம்பை வெட்டியிருப்பார்களா? நரம்புத் தளர்ச்சிக்கு ஒரு லேகியம் இருப்பதாகத் தோழி சொல்கிறாள், சாப்பிடலாமா? மகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவாள். என்னைப் போல அவளும் ஒன்றும் தெரியாமல் இருக்கக் கூடாது. அவளிடம் என்ன சொல்வது?"
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

லேகியம் வாங்க வேண்டாம். உங்கள் நரம்பு தளரவும் இல்லை, யாரும் அதை வெட்டவும் இல்லை. எரிச்சலுக்கு மட்டும் ஒரு மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும், அதைப் பற்றிக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் ஆபரேஷன் பயம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். உங்கள் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு, மனதுக்குள் வைத்திருப்பவர்கள் நிறைய. அந்த ஆபரேஷனில் வயிற்றுக்குள் கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் இருக்கும் மெல்லிய கருக்குழாயைக் கட்டி, ஒரு சிறு துண்டை வெட்டிவிடுவார்கள். கருமுட்டை போகும் வழி அடைபடும், அவ்வளவுதான். பெண்ணின் இன்ப உணர்ச்சியைக் கொண்டுபோகும் முக்கியமான நரம்பு அந்தப் பக்கமே வருவதில்லை. அது முதுகெலும்பின் அடிப்பகுதியில் கிளம்பி, நாம் உட்காரும்போது தரையில் படுகிற எலும்பை ஒட்டி வளைந்து, வெளிப்பக்கமாக வருகிறது. சிசேரியன் தழும்பைச் சுற்றித் தோல் மரத்துப்போயிருக்கலாம். அது தோலில் ஓடும் சின்னச் சின்ன நரம்புகளால் வருவது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றுக்கும் மேல், "முதலிலிருந்தே அப்படித்தான்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷனுக்கு முந்தைய வருடங்களிலும் இதே நிலைதான் என்றால், காரணம் ஆபரேஷனாக இருக்க முடியாது.

அப்படியானால் என்ன காரணம்? உங்கள் கடிதத்தில் "அந்த நேரத்தில்" என்று நீங்கள் சொல்வது உடலுறவை, அதாவது உறுப்பு உள்ளே செல்வதை மட்டும்தான் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் அதுதான் தாம்பத்தியம், ஐந்து பத்து நிமிடத்தில் விளக்கை அணைத்து முடிகிற காரியம். 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இதை நேராகவே கேட்டார்கள். உள்ளே செல்வதால் மட்டுமே உச்சத்தை அடைய முடிகிறது என்று சொன்னவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். அமெரிக்கப் பெண்ணின் உடலும் ஈரோட்டுப் பெண்ணின் உடலும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். நீங்கள் அந்த 18 பேரில் இல்லை, மீதமுள்ள பெரிய கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் குறை இருப்பதாக 11 வருடம் நம்பிக்கொண்டு இருந்துவிட்டீர்களே என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏன் அப்படி என்பது உடலின் அமைப்பைப் பார்த்தால் புரிந்துவிடும். தாயின் வயிற்றில் கரு உருவாகி ஏழெட்டு வாரம் வரை ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பிறப்புறுப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். கால்களுக்கு நடுவே ஒரு சிறு முளை, அதற்குக் கீழே இரண்டு மடிப்புகள். அப்புறம் ஹார்மோன் வேலை செய்து, அதே முளை ஆணில் ஆணுறுப்பாக நீள்கிறது. பெண்ணில் கிளிட்டோரிஸாக ஆகிறது. ஒரே விதையிலிருந்து வந்தவை என்பதால் இரண்டிலும் ஒரே வகைத் திசு இருக்கிறது. இரண்டிலும் ரத்தம் பாய்ந்தால் விறைப்பு வரும், இரண்டிலும் தொடு உணர்வு மிக அதிகம். கருவில் பார்த்தால் ஆணுறுப்புக்கு இணையானது யோனி என்கிற பிரசவ வழி இல்லை, கிளிட்டோரிஸ்தான். ஆணுறுப்பைத் தொடாமலே ஓர் ஆணுக்கு இன்பம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படியோ, கிளிட்டோரிஸ் பக்கமே போகாமல் பெண்ணுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அப்படித்தான்.

யோனியோ குழந்தை வெளியே வருகிற வழி. வாசலை ஒட்டிய மூன்றில் ஒரு பகுதியில் உணர்ச்சி ஓரளவு உண்டு, அதற்கு மேலே உள்ளே போகப்போகத் தொடு உணர்வு மிகவும் குறைந்துவிடும். காப்பர்-டி போட உள்ளே கருவியை வைக்கும்போது, வாசலில் இருக்கும் கூச்சம் உள்ளே இருப்பதில்லை என்று பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் "எதுவுமே தோன்றுவதில்லை" என்று சொல்வதும் இதைத்தான். உணர்ச்சி குறைவான இடத்தில் உணர்ச்சி வரவில்லை. உடல் சரியாகத்தான் பதில் சொல்கிறது.

கிளிட்டோரிஸ் வெளியே பார்க்க ஒரு பட்டாணி அளவுதான், அதுவும் ஒரு தோல் மடிப்புக்குள் பாதி மறைந்திருக்கும். ஆனால் அது நுனி மட்டும்தான். உள்ளே அது பின்னோக்கி வளைந்து, இரண்டு கால்களாகப் பிரிந்து, இடுப்பெலும்பின் இரு பக்கமும் ஒட்டி இறங்குகிறது. யோனி வாசலின் இரு பக்கமும் இரண்டு பஞ்சு போன்ற குமிழ்கள் அதோடு சேர்ந்திருக்கின்றன. மொத்த நீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். மனம் இசைந்து, நேரம் கொடுத்தால், இந்த முழு அமைப்பிலும் ரத்தம் நிறைந்து புடைக்கும். அப்போதுதான் யோனிச் சுவரிலிருந்து ஈரம் கசியும், வாசல் தளரும், கர்ப்பப்பை சற்றே மேலே எழும்பி உள்ளே இடம் உண்டாகும். இதற்கு நிமிடக் கணக்கில் நேரம் ஆகும், சிலருக்கு 15, 20 நிமிடம் கூட ஆகும். அதற்கு முன்பே உள்ளே வந்தால் வறண்ட தோலில் உரசல்தான் மிஞ்சும். உங்கள் எரிச்சலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இவ்வளவு பெரிய உறுப்பு எப்படி யாருக்கும் தெரியாமல் போனது? உங்களுக்கு மட்டும் தெரியாமல் போகவில்லை, மருத்துவமே அதைத் தொலைத்துவிட்டுத்தான் இருந்தது. 1844-இல் கோபெல்ட் என்ற ஜெர்மன் உடற்கூறு அறிஞர் இதன் உள்ளமைப்பை அழகாக வரைந்து வைத்தார். அப்புறம் பாடப்புத்தகங்கள் அதைச் சுருக்கிக்கொண்டே வந்து, ஒரு புள்ளி, ஒரு வரி என்று ஆக்கிவிட்டன. 1905-இல் மனத்தைப் பற்றிய ஆய்வுகளால் பேர்பெற்ற மருத்துவர் ஃபிராய்டு, வளர்ந்த பெண்ணின் இன்பம் கிளிட்டோரிஸிலிருந்து யோனிக்கு இடம் மாற வேண்டும், மாறாவிட்டால் அவள் முதிர்ச்சியடையவில்லை என்ற பொருளில் எழுதினார். உடற்கூறில் இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் அதை நம்பிய மருத்துவர்கள் பல தலைமுறைப் பெண்களை "உணர்ச்சியற்றவள்" என்று முத்திரை குத்தினார்கள். 1998-இல்தான் ஹெலன் ஓ'கானல் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர், இறந்த பெண்களின் உடல்களை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்து, புத்தகங்களில் இருப்பது தவறு, இந்த உறுப்பு இவ்வளவு பெரியது என்று எழுதினார். ஆணுறுப்பின் நரம்புகளைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்ய எவ்வளவோ குறிப்புகள் இருந்தபோது, பெண்ணுக்கு அப்படி ஒன்றுமே இல்லை என்ற ஆதங்கம் அவருக்கு இருந்தது. இதில் எத்தனை நரம்பிழைகள் என்று மனிதத் திசுவில் எண்ணிச் சொன்னது 2022-இல்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அதுவரை எல்லோரும் சொல்லிவந்த எட்டாயிரம் என்ற எண் மாடுகளைப் பார்த்துச் சொன்னது.

நம் பிள்ளைகளின் புத்தகத்துக்கு வருவோம். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியலில் பெண் இனப்பெருக்க மண்டலம் என்று ஒரு படம் உண்டு. அதில் சினைப்பை, கருக்குழாய், கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய், யோனி. படம் அங்கே நின்றுவிடுகிறது. வெளியே இருப்பது ஒன்றுமே கிடையாது. பக்கத்திலேயே ஆணின் படத்தில் ஆணுறுப்பு பெயரோடு இருக்கிறது. கிளிட்டோரிஸ் என்ற சொல் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில்தான் வருகிறது, விரல் போன்ற மிகச் சிறிய அமைப்பு என்று ஒரே வாக்கியத்தில். அதுவும் உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்கு மட்டும். எதற்காக அந்த உறுப்பு என்று அந்த வாக்கியம் சொல்வதில்லை. (அதே பாடத்தில் ஒரு நல்ல காரியமும் இருக்கிறது. கன்னிச்சவ்வு இருப்பதையோ இல்லாததையோ வைத்து ஒரு பெண்ணின் கன்னித்தன்மையைச் சொல்ல முடியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை ஒவ்வொரு வீட்டிலும் வாசித்துக் காட்டலாம்.) வணிகவியல் படித்த பெண்ணும் பத்தாவதோடு நின்ற பெண்ணும் குழந்தை பெறும் பகுதியை மட்டுமே உடல் என்று அறிந்து வெளியே வருகிறார்கள். 2007 வாக்கில் வளரிளம் பருவக் கல்வி என்று பள்ளிகளில் கொண்டுவந்தபோது, பல மாநிலங்கள் எதிர்ப்புக்குப் பயந்து அதை நிறுத்திவிட்டன.

வீட்டிலும் இதற்குச் சொல் இல்லை. "கீழே", "அந்த இடம்" என்போம். என்னிடம் வரும் பெண்கள் வெளித்தோலில் அரிப்பு இருந்தாலும் "கர்ப்பப்பையில் அரிக்கிறது" என்பார்கள். சிறுநீர் போகும்போது கடுத்தாலும் கர்ப்பப்பைதான். பெயர் தெரிந்த ஒரே உறுப்பு அதுதான் என்பதால் எல்லாக் குற்றமும் அதன் மேல் விழுகிறது. இது வெறும் சொல் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. கர்ப்பப்பையில் கோளாறு என்று பயந்து, அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவரின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஆசிரியை, 31 வயது, கல்யாணமாகி நான்கு வருடம். "எனக்கு ஆசையே இல்லை டாக்டர், ஹார்மோன் டெஸ்ட் எழுதுங்க" என்று வந்தார். மாதவிலக்கு ஒழுங்காக இருந்தது, வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை, வலி இல்லை. நான் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, கீழே இருப்பதை வரையச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்து ஒரு பை, அதிலிருந்து ஒரு குழாய், அடியில் ஒரே ஒரு துளை வரைந்தார். சிறுநீர், மாதவிலக்கு, குழந்தை மூன்றும் அந்த ஒரு துளை வழியாகத்தான் என்றார். பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவர், இரண்டு பட்டம் பெற்றவர்.

அன்றைக்கு டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. பரிசோதனை மேசையில் அவர் கையிலேயே ஒரு கண்ணாடியைக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்று துவாரங்கள் தனித்தனியாக இருப்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உள் இதழ் ஒரு பக்கம் நீளமாகவும் கறுத்தும் இருக்கிறதே, இது வியாதியா என்று கேட்டார். லண்டனில் 2005-இல் 50 பெண்களை அளந்து பார்த்த ஆய்வில் உள் இதழின் அகலம் 7 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டர் வரை இருந்தது, எல்லாமே இயல்புதான் என்று சொன்னேன். இவ்வளவு காலம் தன் உடலைக் கணவர் பார்க்கக் கூடாதென்று விளக்கை அணைத்துக்கொண்டிருந்ததற்கு இதுதான் காரணம் என்று அப்போது சொன்னார்.

மூன்று வாரம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். கணவருக்கும் அதே படத்தை வரைந்து காட்டினேன். அவருக்குத் தெரிந்ததெல்லாம் செல்போனில் பார்த்த காட்சிகள். அவற்றில் பெண் உடனே தயாராகிவிடுகிறாள். தனக்கு நேரம் போதவில்லையோ என்று அவரும் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். நான் சொன்னது ஒன்றுதான்: ஒரு மாதத்துக்கு உடலுறவு வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் தொடுதல் மட்டும். எங்கே, எவ்வளவு மெதுவாக என்று மனைவி அவர் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். கிளிட்டோரிஸை நேராக அழுத்தித் தொட்டால் பலருக்குக் கூசும் அல்லது வலிக்கும், அதனால் மடிப்புக்கு மேலாகவோ பக்கத்திலோ, ஈரத்தோடு, மிக மென்மையாக. உச்சம் வர வேண்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. இப்படி உடலுறவை நிறுத்திவைத்துத் தொடுதலிலிருந்து தொடங்கும் முறை நான் கண்டுபிடித்ததல்ல. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-இல் எழுதியதிலிருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

ஒரே வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். முதல் முறை முயன்றபோது மனைவிக்குச் சிரிப்புதான் வந்ததாம். அடுத்த அறையில் மாமியார், நடுவில் பலகைத் தடுப்பு, சத்தம் கேட்குமோ என்ற பயம். மாமியார் கோயிலுக்குப் போகும் ஞாயிறு காலையை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாதம், "நல்லா இருக்கு, வேணும்னு தோணுது" என்றார். உச்சம் என்பது நாலைந்து மாதம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது, அதுவும் ஒவ்வொரு முறையும் வருவதில்லை. வராத நாளிலும் எனக்குக் கவலையில்லை டாக்டர் என்றார். ஹார்மோன் டெஸ்ட்டை அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

இப்போது உங்கள் விஷயம். முதல் வேலை எரிச்சல். அதைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள். வலியோடு தொட்டுப் பழகினால், உடல் அந்தத் தொடுதலையே அஞ்சி இறுகிக்கொள்ளும். பக்கத்து அரசு மருத்துவமனையில் பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். பூஞ்சைத் தொற்று இருக்கிறதா என்று நேரில் பார்த்தே சொல்லிவிடலாம். தயிர்த் திட்டு போன்ற வெள்ளையும் அரிப்பும் இருந்தால் பெரும்பாலும் அதுதான். கூடவே சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் பூஞ்சை வருவது சில சமயம் சர்க்கரை நோயின் முதல் அறிகுறியாக இருக்கும். மனச்சோர்வுக்கான மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் உணர்ச்சியைக் குறைக்கும். எதையாவது சாப்பிட்டுவந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் எதையும் உள்ளே விட்டுக் கழுவுகிறீர்களா? அப்படியானால் இன்றோடு விடுங்கள். யோனியில் இயல்பாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் லேசான புளிப்புத் தன்மையை உண்டாக்கி நோய்க்கிருமியை அண்டவிடாமல் வைத்திருக்கின்றன. கழுவக் கழுவ அந்தக் காவல் போய்விடும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

எரிச்சல் சரியான பிறகு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன ஒரு காலையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு கைக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் வைத்துப் பாருங்கள். ஒரு காலைச் சிறு முக்காலியில் வைத்துக்கொண்டால் வசதியாக இருக்கும். வெளி இதழை விலக்கினால் உள் இதழ்கள் இரண்டும் தெரியும். அவை மேலே சந்திக்கும் இடத்தில் குல்லா போல ஒரு தோல் மடிப்பு, அதை லேசாக மேலே தள்ளினால் உள்ளே அந்தச் சிறு பட்டாணி. அதற்குக் கீழே ஊசித் துளை போல இருப்பது சிறுநீர் வழி, அதற்குக் கீழே பெரிதாக இருப்பது யோனி வாசல், கொஞ்சம் இடைவெளி விட்டு ஆசனவாய். முதல் நாள் பார்த்தால் போதும். கூச்சம் தெளிந்த வேறொரு நாள் எங்கே தொட்டால் என்ன உணர்வு என்று நீங்களே அறிந்துகொள்ளலாம். தன்னைத் தானே தொட்டுக்கொள்வதால் நரம்பு கெடாது, கர்ப்பப்பை கெடாது, கண் மங்காது. உச்சமே அறியாத பெண்களுக்கு உலகெங்கும் பாலியல் மருத்துவர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், 1970-களிலிருந்து. உங்களுக்கே தெரியாத வழியை அவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?

அவரிடம் சொல்வதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று தெரிகிறது. நன்றாக இருந்தது என்று நீங்கள் சொன்னது அன்பினால்தான், ஆனால் அவர் அதை நம்பி, 11 வருடமாக அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறார். இதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று இன்று உடைத்துச் சொல்ல வேண்டியதில்லை. "டாக்டர் ஒரு விஷயம் சொன்னாங்க, எனக்கு இதுவரை தெரியாது, இரண்டு பேரும் சேர்ந்து கத்துக்கலாமா" என்று தொடங்குங்கள். படுக்கையில் வேண்டாம், வண்டியில் போகும்போதோ மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதோ. இந்தப் பக்கத்தையே அவரிடம் படிக்கக் கொடுக்கலாம். இனிமேல் நன்றாக இல்லாததை நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈரம் போதாவிட்டால் மருந்துக்கடையில் தண்ணீர் கலந்த ஜெல் கிடைக்கும். ஆணுறை பயன்படுத்தாதவர்கள் தேங்காய் எண்ணெய் கூடப் பயன்படுத்தலாம். ஆணுறை இருந்தால் எண்ணெய் வேண்டாம், பட்டால் அது கிழிந்துபோகலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உடலைப் பற்றித் தெரிந்துகொள்வதால் எல்லாமே சரியாகிவிடாது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிப் படுக்கிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது தூக்கம். அடிக்கிற, மிரட்டுகிற கணவன் இருக்கும் வீட்டில் இந்தப் பாடம் பயன்படாது, அங்கே வேறு உதவி வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. நாலைந்து மாதம் முயன்றும் ஒன்றும் மாறவில்லை என்றாலோ, தொடும்போதே உடல் இறுகிப் பூட்டிக்கொண்டாலோ, மறுபடியும் மருத்துவரிடம் வாருங்கள். அந்தத் தசை இறுக்கத்துக்குத் தனியாகப் பயிற்சி இருக்கிறது.

இனி மகள். பத்து வயதுப் பெண்ணிடம் தாம்பத்தியத்தைப் பேச வேண்டியதில்லை. அவளுக்கு இப்போது வேண்டியது உடலின் பெயர்களும் மாதவிலக்கின் விவரமும். குளிக்கும்போது காது, கழுத்து என்று சொல்வது போலவே, மூன்று துவாரங்கள் இருக்கின்றன, சிறுநீர் இது வழியாக, மாதவிலக்கு இது வழியாக, மலம் இது வழியாக என்று சாதாரணக் குரலில் சொல்லிவையுங்கள். முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லலாம். ஒரு நாள் உள்ளாடையில் பழுப்பு நிறக் கறை தெரியலாம், முதல் மாதவிலக்கு பல பேருக்கு அப்படித்தான் தொடங்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லி, பள்ளிப் பையில் ஒரு நாப்கினைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிடுங்கள். அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே வெள்ளை படும், அதுவும் நோயில்லை. சத்து உருகிப் போகிறது என்று பாட்டி சொன்னாலும் நீங்கள் அதைத் திருத்த வேண்டும். அந்த இடத்தை மருத்துவரும், மருத்துவரிடம் கூட்டிப்போன அம்மாவும் தவிர வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் பெயர் சொல்லி உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த பிள்ளையால்தான் அதைச் சொல்ல முடியும்.

அவள் வேறு ஏதாவது கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியலைம்மா, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். எரிச்சலுக்கு என்ன சொன்னார்கள் என்பதையும் அப்போது எழுதுங்கள்.